தொண்டை அடைப்புக்கும் சிறு தீக்காயத்துக்கும் முதலுதவிக் காணொளி: திரைப்பிரதி எழுதுவது எப்படி?

முதலுதவிக் காணொளிக்குத் திரைப்பிரதி எழுத உட்காருபவர், காமிராவைப் பற்றி யோசிப்பதற்கு முன், உதவி செய்பவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்வது நல்லது. மூச்சுப்பாதை முழுவதுமாக அடைபட்டவர் ஓரிரு நிமிடங்களில் நினைவிழந்துவிடுவார். அடுத்த சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். கையில் சூடான தேநீர் கொட்டிக்கொண்டவரோ இருபது நிமிடம் குழாயடியில் நிற்க வேண்டியவர். முதலாவதில் கை உடனே இயங்க வேண்டும், இரண்டாவதில் கை அசையாமல் தண்ணீரில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் எழுதினால் ஒன்று கட்டாயம் கெட்டுப்போகும் என்பதால், ஒரே தொடரில் வந்தாலும் இவற்றைத் தனித்தனிக் காணொளிகளாக எழுதும்படி சொல்வேன். ஒவ்வொன்றும் நான்கு நிமிடத்துக்குள் முடிந்தால் போதும்.

தாளை இரண்டு பத்திகளாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் குரலையும் எழுதுவது வழக்கம். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் குரலை முழுவதும் எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமான படங்களைப் பிறகு தேடுகிறார்கள். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் இடப்பக்கத்தை மட்டும் நிரப்புங்கள். ஒலியே இல்லாமல் அந்தக் காட்சிகளைப் பார்ப்பவருக்கு எது விளங்காதோ, அதை மட்டும் வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

தொண்டை அடைப்பு: முதல் கேள்வி

நம் வீடுகளில் சாப்பிடும்போது இருமல் வந்தாலே 'புரையேறிவிட்டது' என்று தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலான நேரங்களில் அதனால் தீங்கு வருவதில்லை, ஏனென்றால் இருமல் தானே வேலையை முடித்துவிடும். ஆனால் மூச்சுப்பாதை முழுவதும் அடைபட்டவருக்குத் தண்ணீரும் பயன்படாது, தலையில் தட்டுவதும் பயன்படாது. எனவே திரைப்பிரதியின் முதல் அரை நிமிடம் இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துக் காட்டுவதற்கே செலவாக வேண்டும். இருமவும் பேசவும் முடிகிறவரை இருமவிட்டு அருகில் நின்று கவனித்தால் போதும். குரல் எழும்பாதவர், இருமினாலும் சத்தம் வராதவர், கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழிப்பவர், உதடு நீலம் பாய்கிறவர் ஆகியோருக்குத்தான் கை வைத்து உதவ வேண்டும்.

இந்த இடத்தில் நடிகர்கள் ஏறக்குறைய எப்போதும் ஒரே தவறைச் செய்வார்கள். அடைப்பை நடிக்கச் சொன்னால் பலமாக இருமுவார்கள், திணறிச் சத்தம் போடுவார்கள். உண்மையான முழு அடைப்பு சத்தமில்லாதது. காற்றுப் போகாத இடத்தில் ஒலி பிறக்காது. பார்ப்பவர் மனத்தில் பதிய வேண்டிய அடையாளமே அந்த நிசப்தம்தான் என்பதால், 'இந்தக் காட்சியில் இருமல் சத்தம் கிடையாது, பின்னணி இசை கிடையாது, குரலும் மூன்று விநாடி நிற்கும்' என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். இன்னொரு குறிப்பும் அதே இடத்தில் இருக்கட்டும்: நடிப்பவரின் வாயில் உணவு இருக்கக் கூடாது. கவளத்தை வாயருகே கொண்டுபோவது ஒரு துண்டுக் காட்சி, திணறுவது வாய் காலியான பிறகு எடுக்கும் இன்னொரு துண்டுக் காட்சி. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு திணறுவது போல நடித்தால் நடிப்பு நிஜமாகிவிடலாம்.

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம்

மதிய உணவு மேசை. நாற்பத்தைந்து வயதுள்ள மாமா, அவருடைய மனைவி, அக்கா மகன் ஆகிய மூவர். மாமா கறித்துண்டு ஒன்றை மென்றுகொண்டே சிரிக்கிறார், சிரிப்பு நின்றுவிடுகிறது.

*காட்சி 1.* மாமாவின் முகமும் கழுத்தைப் பற்றிய கைகளும் அண்மையில். மருமகன் எழுந்து வருகிறான்.
மருமகன்: "மாமா, மூச்சு அடைக்குதா? பேச முடியுதா?" மாமா தலையை மட்டும் அசைக்கிறார்.
குரல்: "பேச முடியவில்லை. இருமல் வரவில்லை. இது முழு அடைப்பு."

*காட்சி 2.* மருமகன்: "அத்தை, 108-க்குப் போன் போடுங்க. மாமா, முன்னாடி குனிங்க, நான் முதுகுல தட்டுறேன்."

*காட்சி 3.* காமிரா பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில். மருமகன் மாமாவின் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி நிற்கிறான். ஒரு கை மாமாவின் மார்பைத் தாங்குகிறது. மாமாவின் தலை இடுப்பை நோக்கித் தாழ்கிறது.
குரல்: "பக்கத்தில் நில்லுங்கள். மார்பைத் தாங்குங்கள். நன்றாகக் குனிய வையுங்கள்."

*காட்சி 4.* முதுகு அண்மையில். உள்ளங்கையின் அடிப்பகுதி தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே படுகிறது.
குரல்: "இங்கே. உள்ளங்கை அடியால். பலமாக. ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு… ஐந்து."

*காட்சி 5.* பொருள் வரவில்லை. மருமகன் பின்னால் வந்து இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கொண்டுவருகிறான். காமிரா இப்போது முன்பக்கம், வயிற்றுக்கு நேராக. ஒரு கை முட்டி மடங்குகிறது, கட்டைவிரல் பக்கம் வயிற்றைத் தொடுகிறது, மற்றக் கை அதைப் பற்றுகிறது.
குரல்: "பின்னால் வாருங்கள். முட்டி மடக்குங்கள். தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே. உள்ளேயும் மேலேயும் சேர்த்து இழுங்கள்."

ஐந்து முறை முதுகில் தட்டல், வராவிட்டால் ஐந்து முறை வயிற்றில் இழுத்தல், மீண்டும் முதுகு என்று மாறி மாறிச் செல்வதே வரிசை. ஒவ்வொரு தட்டலும் அந்தப் பொருளை வெளியேற்றுவதற்கான தனி முயற்சியாகும். வெளியே வந்ததும் நிறுத்திவிட வேண்டும், ஐந்தை முடித்தே தீர வேண்டுமென்பதில்லை. காட்சியில் எப்போது பொருள் வெளியே வர வேண்டும் என்பது திரைப்பிரதியாளரின் கையில் இருக்கிறது. முதல் தட்டலிலேயே வந்துவிட்டால் பார்ப்பவர் சுழற்சியைக் கற்க மாட்டார். இரண்டாம் சுற்றின் மூன்றாம் தட்டலில் வரும்படி எழுதுவதே என் விருப்பம். அப்போதுதான் 'வராவிட்டால் திரும்பவும்' என்பதும், 'வந்தால் நிறுத்து' என்பதும் ஒரே காட்சியில் விளங்கும்.

காட்சி 5-இல் எச்சரிக்கை ஒன்று தேவை. நல்ல நிலையில் உள்ள ஒருவரின் வயிற்றில் இந்த இழுப்பை உண்மையான பலத்தோடு செய்துகாட்டக் கூடாது, ஏனென்றால் உள்ளுறுப்புகள் காயப்படலாம். முதுகுத் தட்டலிலும் நடிகர் மீது பலம் வேண்டாம். நடிகரோடு எடுக்கும் காட்சியில் கை வைக்கும் இடத்தையும் நிலையையும் மட்டும் காட்டி நிறுத்திவிட்டு, பலமான இழுப்பைப் பயிற்சி பொம்மையின் மீது எடுக்க வேண்டும். இரண்டையும் ஒட்டும்போது பொம்மைக்கும் நடிகருக்கும் ஒரே நிறச் சட்டை இருந்தால் கண் தடுமாறாது. அந்தச் சட்டை பூவேலையோ கட்டமோ இல்லாத வெளிர்நிறமாக இருந்தால்தான் கையும் முட்டியும் எடுப்பாகத் தெரியும்.

காட்சி இங்கேயே முடியக் கூடாது. வயிற்றில் இழுத்துக் காப்பாற்றப்பட்டவர், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அத்தை மாமாவின் செருப்பை எடுத்து வைப்பதைக் காட்டி, "வயிற்றை அழுத்தியிருக்கிறோம். மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று குரல் சொன்னால் போதும். கர்ப்பிணிகளுக்கும், கை சுற்றி எட்டாத அளவுக்குப் பருமனானவர்களுக்கும் வயிற்றுக்குப் பதிலாக நெஞ்சின் நடுவில் இழுக்க வேண்டும் என்பதற்குத் தனிக் காட்சி ஒன்று, பத்து விநாடி.

அடைபட்டவர் நினைவிழந்து சாய்ந்தால் நிலைமை மாறிவிடுகிறது. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, 108-க்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்து, நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும். முப்பது அழுத்தம், பிறகு வாயைத் திறந்து பார்த்தல், கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் பொருளை எடுத்தல், இரண்டு மூச்சு. தெரியாத பொருளைத் தேடி விரலை உள்ளே விட்டால் அது இன்னும் ஆழத்துக்குப் போய்விடலாம். மூச்சுக் கொடுக்கப் பழகாதவர் அழுத்தத்தை மட்டும் நிறுத்தாமல் தொடரலாம். இதை இந்தக் காணொளியில் முழுமையாகக் கற்பிக்க முயலாமல், அரை நிமிடத்தில் காட்டிவிட்டு, நெஞ்சழுத்தத்துக்கான தனிக் காணொளிக்கு அனுப்புவதே நேர்மையானது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இதே காணொளியில் சேர்க்கவே வேண்டாம். அவர்களுக்கு வயிற்றில் இழுப்பது கூடவே கூடாது. முன்கையில் குப்புறத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டல். பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து அழுத்தம். பெரியவர்களின் காட்சியைப் பார்த்த நினைவோடு யாராவது கைக்குழந்தையின் வயிற்றை அழுத்திவிடக் கூடாது என்பதால், 'ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்' என்ற எழுத்து, காணொளியின் தொடக்கத்தில் மட்டுமன்றி வயிற்றுக் காட்சி நெடுகிலும் திரையின் மூலையில் இருக்கட்டும்.

இணையத்தில் உள்ள பழைய காணொளிகள் சில, முதுகில் தட்டுவதைச் சொல்லாமல் நேராக வயிற்றுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க இதயச் சங்கம் நீண்ட காலம் பெரியவர்களுக்கு அப்படித்தான் கற்பித்தது. 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதுகில் ஐந்து, வயிற்றில் ஐந்து என்ற வரிசைக்கு வந்துவிட்டது. கைக்குழந்தையின் மார்பை ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்தச் சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான். அதற்கு முன்பு இரண்டு விரல் முறை பரவலாக இருந்தது. ஆகவே எந்த ஆண்டின் எந்த வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் திரைப்பிரதியின் முதல் தாளில் குறித்துவையுங்கள்.

நிதானமான குரல் எங்கிருந்து வருகிறது

மெதுவாகப் பேசுபவரைப் பிடித்துவிட்டால் நிதானம் வந்துவிடும் என்று எண்ணுகிறோம். அது எழுத்திலேயே தொடங்குகிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். "பாதிக்கப்பட்டவரின் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும்" என்பது கட்டுரைக்கு நல்ல வாக்கியம். காணொளியிலோ திரையில் கை தட்டி முடித்த பிறகுதான் 'தட்ட' என்ற சொல் வந்து சேரும். குரல் காட்சியைத் துரத்தும்போதுதான் அவசரம் பிறக்கிறது. காட்சி 4-இல் செய்ததைப் போல வாக்கியத்தை உடைத்து, ஓர் அசைவுக்கு ஒரு சொற்றொடர் என்று வைத்தால் குரல் ஓட வேண்டியதில்லை.

எதிர்மறையும் கடைசியில்தான் வருகிறது. "புண்ணில் பற்பசை தடவக் கூடாது" என்பதைப் பதற்றத்தில் பாதி கேட்பவருக்குப் 'புண்ணில் பற்பசை' என்பதே காதில் விழும். எனவே செய்ய வேண்டியதை முதலில் சொல்லி, தடையைத் தனிச் சொல்லாக வையுங்கள்: "தண்ணீர் மட்டும். வேறு எதுவும் வேண்டாம்." 'பதற்றப்படாதீர்கள்' என்ற வரியையும் அடித்துவிடலாம். பதறுகிறவருக்கு அது எந்த வேலையையும் கொடுப்பதில்லை. 'மார்பைத் தாங்குங்கள்' என்பது கொடுக்கிறது.

குரலைப் படத்தொகுப்பு முடிந்த பிறகு, படத்தைப் பார்த்தபடி பதிவு செய்யுங்கள். பேசுபவர் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு அதே அசைவுகளைச் செய்துகொண்டே ஒருமுறை பேசிப் பார்த்தால், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

சிறு தீக்காயம்: இருபது நிமிடத்தைக் காட்டுவது எப்படி

இரண்டாவது காணொளியின் சிக்கல் வேறு வகையானது. செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் நீண்ட நேரம் செய்ய வேண்டும். முன்கையில் தேநீர் கொட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்பில் கொட்டுவது ஆறிய கட்டன் தேநீர். சிவப்பு ஒப்பனையால் வருவது. கொப்புளமோ தோல் உரிதலோ தேவையில்லை, அவற்றைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களும் நம் பார்வையாளர்களே.

கை உடனே குழாயடிக்குப் போகிறது. இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். அதற்குள் எரிச்சல் குறைந்துவிட்டது போலிருந்தாலும் தோலின் அடியில் சூடு தங்கியிருக்கும் என்பதால் பாதியில் எடுக்கக் கூடாது. நான்கு நிமிடக் காணொளியில் இந்த இருபது நிமிடத்தை 'இருபது நிமிடம் காட்டுங்கள்' என்று ஒரு வரியில் கடந்துவிட்டால், பார்ப்பவர் திரையில் கண்ட ஐந்து விநாடியைத்தான் கைப்பழக்கமாக்கிக்கொள்வார். சுவர்க்கடிகாரத்தைக் குழாய்க்கு மேலே, அதே சட்டகத்துக்குள் வையுங்கள். 1.05 மணிக்குக் கை தண்ணீருக்குள் போகட்டும். 1.10-இல் மோதிரமும் வளையலும் கழன்று திண்ணையில் இருக்கட்டும். 1.15-இல் அவர் கையை எடுக்கப் பார்க்க, பக்கத்தில் நிற்கும் அக்கா, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, அப்படியே வச்சிரு" என்று சொல்லட்டும். 1.25-இல் கை வெளியே வரட்டும். காமிரா அசையாமல் ஒரே இடத்தில் நிற்க, கடிகாரமும் வெளிச்சமும் மட்டும் மாறினால் நேரம் கண்ணுக்குத் தெரியும்.

நகைகளைக் கழற்றுவது அழகுக்கான காட்சியன்று. வீக்கம் ஏறிய பிறகு மோதிரம் கழலாது, விரலை இறுக்கும். கையில் கொட்டினால் வளையல், காலில் கொட்டினால் கொலுசும் மெட்டியும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காமல் விட்டுவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊருக்கென்று இரண்டு காட்சிகள் எழுதுங்கள். மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதில் காட்டினால் ஆறாது. மற்றக் கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் வாளித் தண்ணீருக்கோ குடிநீர்க் கேனுக்கோ மாறுவதைக் காட்ட வேண்டும். குழாயில் தண்ணீரே வராத வீட்டில் வாளியிலிருந்து குவளையால் மெல்ல ஊற்றிக்கொண்டேயிருக்கலாம், அல்லது ஈரத்துணியை அடிக்கடி மாற்றிப் போடலாம். ஐஸ் வைப்பதும், பிரீசரிலிருந்து எடுத்த பொட்டலத்தை ஒற்றுவதும் ஏற்கெனவே வெந்த தோலை மேலும் கெடுக்கும். காயம்பட்டு மூன்று மணி நேரம் வரை தண்ணீரில் ஆற்றுவது பயன் தரும் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம்; 'அப்போதே செய்யவில்லையே' என்று விட்டுவிடுபவர்களுக்கு அது உதவும்.

பற்பசை, இங்க், இட்லி மாவு, மஞ்சள், எண்ணெய் ஆகியவற்றை எப்படிக் காட்டுவது? புண்ணில் தடவுவதைக் காட்டி அதன் மேல் சிவப்புக் குறி போடுவதுதான் வழக்கம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் நினைவில் தடவிய கைதான் நிற்கும். ஆகவே பற்பசைக் குழாய் புண்ணைத் தொடவே வேண்டாம். பாட்டி அதை நீட்டுகிறார், அக்கா வாங்கி அலமாரியில் திருப்பி வைக்கிறாள், "பாட்டி, தண்ணியே போதும்" என்கிறாள். பாட்டியைக் கேலி செய்யும் வசனம் எதுவும் வேண்டாம். வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய காணொளி இது.

ஆறிய பிறகு கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான, நூல் உதிராத துணியால் தளர்வாக மூட வேண்டும். உணவுப் பொருள்களை மூடும் மெல்லிய ஒட்டுத்தாள் இருந்தால் முதல் சுற்றைக் கழித்துவிட்டு, கையின் நீளவாக்கில் ஒரு துண்டாகப் படியவைக்கலாம். கையைச் சுற்றி இறுக்கினால் வீங்கும்போது இரத்த ஓட்டம் தடைபடும். பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

எது சிறிய காயம் என்பதைக் காணொளியின் இறுதிக்குத் தள்ளிவிடாமல், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். கடிகாரக் காட்சியில் குரலுக்கு நிறைய இடம் இருக்கிறது. காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கையை, விரல்களோடு சேர்த்து, புண்ணின் அருகே காட்டுங்கள். அதைவிடப் பெரிய புண் மருத்துவமனைக்குரியது. முகம், கை விரல்கள், பாதம், மூட்டுகள், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலும், புண் வெளுத்தோ கருகியோ வலியில்லாமல் இருந்தாலும், மின்சாரத்தாலோ அமிலம் போன்ற பொருளாலோ ஏற்பட்டிருந்தாலும், பாதிக்கப்பட்டவர் சிறு குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தாலும் அளவைப் பார்க்காமல் போக வேண்டும். வலியில்லாத புண்ணை ஆபத்து என்று சொல்வது பலருக்குப் புதிதாக இருக்கும் என்பதால் அதற்கு மட்டும் காரணத்தையும் சேருங்கள்: தோலின் ஆழத்திலுள்ள நரம்பு முனைகளும் வெந்துபோனதால்தான் வலி தெரிவதில்லை.

படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும்

திரைப்பிரதியை மருத்துவர் ஒருவரோ சான்று பெற்ற முதலுதவிப் பயிற்சியாளரோ இரண்டு முறை பார்க்க வேண்டும்: எழுதி முடித்ததும் ஒருமுறை, படத்தொகுப்பு முடிந்ததும் ஒருமுறை. தாளில் சரியாக இருந்த முட்டி, திரையில் நெஞ்செலும்பின் மேல் ஏறியிருப்பதை இரண்டாம் பார்வையில்தான் பிடிக்க முடியும்.

பிறகு, முதலுதவி கற்காத ஒருவருக்கு ஒலியில்லாமல் ஒருமுறை போட்டுக்காட்டி, பொம்மையிலோ தலையணையிலோ செய்யச் சொல்லுங்கள். அவர் பேசுவதைவிடக் கைகள் எங்கே போகின்றன என்பதைப் பாருங்கள். குனிய வைக்காமல் நிமிர்ந்த முதுகில் தட்டினால் காட்சி 3-இன் கோணம் தவறு. விலா எலும்புகளைக் கைகளால் இறுக்கினால் காட்சி 5-இல் காமிரா போதிய அளவு அருகில் போகவில்லை. தண்ணீரிலிருந்து கையைச் சீக்கிரம் எடுத்தால் கடிகாரம் கண்ணில் படவில்லை. இந்தக் குறைகளைக் குரலில் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்ய முயலாமல், அந்தத் துண்டுக் காட்சியை மட்டும் மீண்டும் எடுப்பது நல்லது.

அவசர எண்ணை இரு காணொளிகளிலும் தொடக்கம் முதல் முடிவு வரை திரையின் ஒரே மூலையில் வையுங்கள். தமிழ்நாட்டில் அது 108. இலங்கையில் உள்ளவர்களுக்கான பதிப்பில் 1990 என்று மாற்ற வேண்டும். எண்ணைக் குரலில் சொல்லும் வரியைத் தனிக் கோப்பாகப் பதிவு செய்து வைத்திருந்தால், முழுக் குரலையும் மறுபடி பேசாமல் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடலாம்.